"எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டு இறங்குவதற்கு முன்: தமிழ்நாட்டு கோர்ட்டின் 313 கேள்வி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில், தாத்தா வழியில் புதுக்கோட்டைப் பக்கமோ நாமக்கல் பக்கமோ ஒரு துண்டு நிலமும் அதோடு ஒரு தகராறும் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. குலதெய்வம் கும்பிடப் போன இடத்தில் வாய்ச்சண்டை முற்றி, கைகலப்பாகி, போலீஸ் கேஸ் ஆகி, ஜாமீன் வாங்கி, கோர்ட் அனுமதியோடு இங்கே திரும்பி வந்து மண்டோர் வேலையையோ லாரி ஓட்டுவதையோ பார்த்துக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா வக்கீலிடமிருந்து வாட்ஸ்அப் வரும்வரை காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்னால் ஊரில் கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன். அதனால் பேப்பரைத் தூக்கிக்கொண்டு இப்படிப்பட்டவர்கள் என்னிடம் வருவது வழக்கம். அவர்கள் அதிகம் குழம்புவது ஒரே இடத்தில்தான்: "அடுத்த வாய்தா 313 கொஸ்டினிங், நேரில் வரணும்" என்று வக்கீல் சொல்லும் கட்டத்தில்.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் நம் ஊர் கோர்ட் பழக்கம். மலேசியாவில் அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும், அந்தச் சாட்சியத்தை எடைபோட்டு, அதை வைத்தே வழக்கு நிற்கிறதா என்று நீதிபதி முதலில் தீர்மானிப்பார். நிற்கவில்லை என்றால் அங்கேயே விடுதலை. நிற்கிறது என்றால் எதிர்வாதம் செய்யக் கூப்பிட்டு மூன்று வழி சொல்வார்: சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் பேசலாம், அப்போது குறுக்கு விசாரணை உண்டு. சத்தியம் இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே உங்கள் பக்கத்தைச் சொல்லலாம், குறுக்கு விசாரணை கிடையாது, ஆனால் எடை குறைவு. இல்லை, பேசாமலே இருக்கலாம். இதைப் பார்த்துப் பழகியவர் தமிழ்நாட்டில் 313 என்றதும் "ஓ, அந்த மூணுல ஒண்ணு" என்று நினைத்துக்கொள்கிறார். அது இல்லை. அங்கே கதையை நீங்கள் சொல்வதில்லை. கேள்வியை நீதிபதி கேட்கிறார், அதுவும் சாட்சி சாட்சியாக, பொருள் பொருளாக. சத்தியம் செய்துவிட்டுப் பேசும் வாய்ப்பு அதற்கு அப்புறம், தனியாக இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1973ஆம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது, அதில் இதே விஷயம் 351ஆம் பிரிவு. வாசகம் ஏறக்குறைய அதேதான். அந்தத் தேதிக்கு முன்னமே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே போகின்றன. கோர்ட் வராந்தாவில் எல்லாரும் இன்னமும் 313 என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எதற்காகக் கேட்கிறார்கள்

அரசுத் தரப்பு சாட்சிகள் பேசும்போது நீங்கள் கூண்டில் நிற்பீர்கள் அல்லது ஓரமாக உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் சார்பில் பேசுவது வக்கீல். பத்து சாட்சி வந்துபோனாலும் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட நீதிபதி காதில் விழுந்திருக்காது. தீர்ப்பு மட்டும் உங்கள் மேல். இது நியாயமில்லை என்பதால்தான் சட்டம் அந்த இடத்தில் ஒரு கடமையை வைத்திருக்கிறது: உங்களுக்கு எதிராக வந்திருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் நீதிபதி உங்களிடமே நேராக எடுத்துச் சொல்லி "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். விசாரணையின் நடுவில் கேட்பது அவர் விருப்பம். அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்து, உங்கள் தரப்பு தொடங்குவதற்கு முன்னால் கேட்பது அவர் கடமை. நேரில் வருவதிலிருந்து ஏற்கெனவே விலக்கு கொடுத்திருக்கும் சின்ன வழக்குகளில், அதாவது சம்மன் வழக்குகளில் மட்டும், இதையும் விட்டுவிட அனுமதி உண்டு.

இதிலிருந்து ஒரு பலன் வருகிறது, பலருக்கு அது தெரிவதில்லை. உங்களிடம் கேட்காத விஷயத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. 1984இல் சரத் சார்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதனால் கேள்வி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு முக்கியமான விஷயத்தைப் பற்றி கேள்வியே வராமல் போனால், அதுதான் வக்கீல் கவனிக்க வேண்டிய இடம்.

சத்தியம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோ அதற்காகத் தனியாகத் தண்டனையும் கிடையாது. இந்த இரண்டையும் கேட்டதும் "அப்போ என்ன சொன்னாலும் பரவாயில்லை" என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்று ஒரு வழக்கை வைத்தே பார்க்கலாம். நான் சேர்த்துக் கட்டிய உதாரணம் இது, ஆனால் இதில் வரும் ஒவ்வொரு துண்டும் கிராமத்து அடிதடி வழக்குகளில் தினமும் வருவதுதான்.

ஒரு சட்டை, ஒரு பதிவேடு

இங்கிருந்து ஊருக்குப் போன மாமா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேலித் தகராறில் பங்காளி ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே அரிவாள் வெட்டு, எலும்பு வரை காயம். கொடுங்காய வழக்கு, எதிரி மாமா. (அங்கே குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட் தமிழில் "எதிரி" என்றுதான் எழுதுவார்கள். பகையாளி என்று பொருள் எடுத்துக்கொண்டு கோபப்பட வேண்டாம்.) மாமா சொல்வது: வெட்டியது வேறு ஆள், நான் குறுக்கே விழுந்து விலக்கினேன், வெட்டுப்பட்டவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே நான்தான்.

அரசுத் தரப்பில் வந்தது இவ்வளவு. வெட்டுப்பட்டவர், அவர் மனைவி, இரண்டு பேரும் மாமாதான் வெட்டினார் என்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைப் பற்றிச் சொல்லி விபத்துப் பதிவேட்டு நகலைக் கொடுக்கிறார். பொருளைக் கைப்பற்றியதை எழுதிய மகசரில் கையெழுத்துப் போட்ட சாட்சி, மாமா தங்கியிருந்த வீட்டிலிருந்து ரத்தக்கறை படிந்த சட்டையை எடுத்தார்கள் என்கிறார். தடயவியல் அறிக்கை, சட்டையில் இருப்பது மனித ரத்தம், வெட்டுப்பட்டவரின் அதே வகை என்கிறது. கடைசியாக இன்ஸ்பெக்டர்.

இப்போது 313 நாள். பெஞ்ச் கிளார்க் கையில் தட்டச்சு செய்த கேள்வித் தாள். முதல் கேள்வி வெட்டுப்பட்டவரின் சாட்சியம். மாமா "பொய்" என்கிறார். சரி. இரண்டாவது, மனைவியின் சாட்சியம். "பொய்." சரி. மூன்றாவது, டாக்டர். மாமா அதே வேகத்தில் "பொய்." நான்காவது, உங்கள் சட்டையைக் கைப்பற்றினார்கள். "பொய், அது என் சட்டையே இல்லை." ஐந்தாவது, ரத்தக்கறை. "பொய்." பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

அந்த மூன்றாவது பதிலை மட்டும் உற்றுப் பாருங்கள். விபத்துப் பதிவேட்டில் "யார் கொண்டுவந்தது" என்று ஒரு இடம் இருக்கும். அங்கே டாக்டர் எழுதியிருப்பது மாமாவின் பெயர். அதாவது அரசுத் தரப்பின் கையிலிருந்தே மாமாவுக்குச் சாதகமான தாள் ஒன்று வந்திருக்கிறது, அவர் அதைப் பொய் என்று சொல்லிவிட்டார். அவருடைய வக்கீல் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது "காயம்பட்டவரைக் கொண்டுவந்தவர் எதிரிதானே?" என்று கேட்டு "ஆம்" என்று வாங்கியும் வைத்திருக்கிறார். இப்போது வக்கீல் ஒரு பக்கம் இழுக்கிறார், கட்சிக்காரர் இன்னொரு பக்கம் இழுக்கிறார். சட்டைக் கதை இன்னும் மோசம். தூக்கி ஏற்றியவர் சட்டையில் ரத்தம் இருப்பது இயல்பு, அதைச் சொல்லியிருந்தால் ரத்தக்கறைக்கே பல் போயிருக்கும். "என் சட்டையே இல்லை" என்றதும், சட்டை அவருடையதுதான் என்று வேறு வழியில் தெரிந்துவிட்டால், இவர் ஏன் மறைக்கிறார் என்ற கேள்வி நீதிபதி மனதில் வந்து உட்கார்ந்துவிடும்.

அதே கேள்விகளுக்கு வேறு மாதிரி பதில்: சாட்சி 1, சாட்சி 2: "நான் வெட்டினேன் என்று சொல்வது பொய். நான் விலக்கிவிட்டவன்." டாக்டர்: "காயம் பட்டது உண்மை. அவரை ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான், பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது." சட்டை: "என்னுடையதுதான். தூக்கி ஏற்றும்போது ரத்தம் பட்டது." இவ்வளவுதான். ஒவ்வொன்றும் இரண்டு வரி. எது உண்மையோ அதை ஒத்துக்கொள்கிறார், எது பொய்யோ அதை மட்டும் மறுக்கிறார், ஒத்துக்கொண்டதற்குக் காரணமும் சேர்த்தே வருகிறது.

அந்தப் பதில்கள் அப்புறம் எங்கே போய் நிற்கும்

மாமாவின் பதில் சத்தியத்தின் மேல் சொன்ன சாட்சியம் அல்ல. அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது, இது பல தீர்ப்புகளில் உறுதியான விஷயம். ஆனால் "கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்" என்று அந்தப் பிரிவே சொல்கிறது. எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியங்களை மட்டும் வைத்து நடக்கும் வழக்கு என்றால், பொய்யான விளக்கமோ பொய்யான மறுப்போ அந்தச் சங்கிலியில் கூடுதல் கண்ணியாகச் சேரும். கூடுதல் கண்ணி மட்டும்தான். மற்ற கண்ணிகளெல்லாம் அரசுத் தரப்பே கோத்து முடித்திருக்க வேண்டும், நடுவில் அறுந்திருக்கும் இடத்தை எதிரியின் பொய்யை வைத்து ஒட்ட முடியாது. இதையும் சரத் சார்தா வழக்கே தெளிவாகச் சொன்னது. அடுத்தது, உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பூட்டிய வீட்டுக்குள் இரண்டே பேர் இருந்த இரவில் நடந்தது போன்ற ஒன்றுக்கு "தெரியாது" என்று சொன்னால், விளக்கம் கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை என்று கோர்ட் எடுத்துக்கொள்ள இடமுண்டு. அங்கேயும் அரசுத் தரப்பு அடிப்படையை நிறுவிய பிறகுதான் அந்தப் பாரம் உங்கள் பக்கம் திரும்பும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. நீங்கள் கொடுத்த விளக்கத்தை நீதிபதி எடைபோட்டுப் பார்த்தே ஆக வேண்டும். 2018இல் ரீனா ஹசாரிகா என்ற அஸ்ஸாம் வழக்கில், அந்தப் பெண் 313இல் கொடுத்த விளக்கத்தைக் கீழ்க் கோர்ட்டுகள் கண்டுகொள்ளவே இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் பெரிய குறையாக எடுத்துக்கொண்டது, அவர் விடுதலையானார். ஆக, பதிவில் ஒரு விளக்கம் இருந்தால்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று மேல்முறையீட்டில் கேட்க முடியும். "பொய்" என்ற ஒற்றை வார்த்தையை வைத்து என்ன கேட்பது?

இன்னொரு ஆபத்து நம்மைப் போல வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. நீங்கள் சொல்லும் பதில் வேறொரு குற்றத்தைக் காட்டிக்கொடுத்தால், அந்தக் குற்றத்துக்கான வழக்கில் அந்தப் பதிலையே சாட்சியமாக வைக்கலாம். "அன்னைக்கு நான் அந்த ஊர்லயே இல்லைங்கய்யா, விசா முடிஞ்சும் சென்னையில ஒளிஞ்சு இருந்தேன்" என்று சொல்லி வெட்டு வழக்கிலிருந்து தப்பிக்கப் பார்த்தால், விசா காலம் தாண்டித் தங்கியதற்கு நீங்களே பேப்பர் எழுதிக் கொடுத்த மாதிரி. இப்படிப்பட்ட இடம் உங்கள் வழக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே வக்கீலிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அவரிடம் மறைத்து, கூண்டில் ஏறி வெளிப்படுத்துவதைவிட முட்டாள்தனம் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு "பதில் சொல்ல விரும்பவில்லை" என்பதும் ஒரு பதில்தான்.

தயாராவது எப்படி

முதல் வேலை, சாட்சிகள் சொன்னதின் நகல்கள் எல்லாவற்றையும் வக்கீலிடம் கேட்டு வாங்குவது. முதல் விசாரணை மட்டும் போதாது, குறுக்கு விசாரணையும் வேண்டும். அதோடு குறியீடு செய்த ஆவணங்கள், பொருட்களின் பட்டியல். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், ஆனால் எழுத்துப் புரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் எனக்கு எதிராக வந்தது என்ன, நடுவில் உண்மையில் நடந்தது என்ன, வலப்பக்கம் அதைக் காட்ட என்ன தாள் இருக்கிறது. டாக்டர் சாட்சிக்கு நேரே வலப்பக்கத்தில் "பதிவேட்டில் என் பெயர்" என்று வந்து விழும்போதுதான் மாமா மாதிரி ஆளுக்கு வழக்கு கண்ணுக்குத் தெரியும். நடுப்பத்தியும் வலப்பத்தியும் காலியாக இருக்கிற இடங்களில்தான் மௌனமா மறுப்பா என்று வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒவ்வொரு வரியையும், குறுக்கு விசாரணையில் உங்கள் வக்கீல் அதே சாட்சியிடம் கேட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இருந்தால் நாள் நெருங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள்.

கதை நீளமாக இருந்தால் கூண்டில் நின்று சொல்ல முயல வேண்டாம். கிளார்க்கின் கை அவ்வளவு வேகமாக ஓடாது, நீங்கள் ஐந்து நிமிஷம் பேசியது ஒன்றரை வரியாகப் பதிவாகும். எழுத்து மூலமான விளக்கம் தாக்கல் செய்ய கோர்ட் அனுமதிக்கலாம் என்று 2009 முதல் சட்டத்திலேயே உட்பிரிவு இருக்கிறது. கேள்வி தயாரிக்க இரு தரப்பு வக்கீல்களின் உதவியை நீதிபதி பெறலாம் என்பதும் அதே உட்பிரிவுதான். நேரில் சுருக்கமான பதில், விவரமெல்லாம் "எழுத்து மூலம் தாக்கல் செய்கிறேன்" என்பதுதான் எனக்குப் பிடித்த முறை.

நேரில் போக முடியவில்லை என்றால்

இங்கிருப்பவர்கள் முதலில் கேட்பதே இதுதான். டிக்கெட் செலவு, வேலையில் லீவு, சில சமயம் உடம்பு. பொதுவிதி, நேரில் வர வேண்டும் என்பதே. ஆனால் 2000ஆம் ஆண்டில் பசவராஜ் பாட்டீல் வழக்கில், எதிரி அமெரிக்காவில் இருந்த சூழ்நிலையில், உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்துவிட்டது. அதன் படிகள் இப்படி.

உங்கள் கஷ்டம் உண்மையானது என்று காட்டும் விவரங்களோடு ஒரு பிரமாண வாக்குமூலம் போட வேண்டும். நேரில் வராததால் எனக்குப் பாதகம் இல்லை என்றும், இதைப் பிறகு எந்தக் கட்டத்திலும் குறையாகச் சொல்ல மாட்டேன் என்றும் அதில் உறுதி தர வேண்டும். கோர்ட் திருப்தியானால் கேள்வித் தாளை உங்கள் வக்கீலிடம் கொடுத்து, திருப்பித் தர ஒரு கெடு வைக்கும். நீங்கள் பதில் எழுதி, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, இந்தப் பதில்களை நானே கொடுத்தேன் என்று முறையாகச் சான்று பெற்ற இன்னொரு பிரமாண வாக்குமூலத்தோடு அனுப்ப வேண்டும். பதில் சொல்ல விரும்பாத கேள்விக்கு நேரே அதையே எழுதிவிடலாம். கெடுவைத் தவறவிட்டால் நேரில் வராமலிருக்கும் சலுகை போய்விடும், அப்புறம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஓடிப் பயனில்லை. சான்றை இங்கே நோட்டரியிடம் வாங்குவதா, கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனில் வாங்குவதா என்பதை உங்கள் கோர்ட் எதை ஏற்கும் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது. வீடியோ மூலம் கேட்பதற்கும் இப்போது இடமிருக்கிறது, கோர்ட் சம்மதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இது கஷ்டத்துக்குக் கொடுத்த விதிவிலக்கு, உரிமை அல்ல. "சும்மா லீவு கிடைக்கல" என்று எழுதினால் மறுத்துவிடுவார்கள். மொத்தத்தில், போக முடிந்தால் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்தை நீங்கள் நேரில் இருந்தால்தான் சரிசெய்ய முடியும்.

அந்த நாளில்

கேள்வி ஒவ்வொன்றையும் முடியும்வரை கேளுங்கள். சில இடங்களில் கேள்வியைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்: "சாட்சி 1 முதல் 8 வரை சொன்னதைக் கேட்டீர்கள், என்ன சொல்கிறீர்கள்?" எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொல்லியிருக்கும்போது இதற்கு ஒரே பதில் எப்படி வரும்? இப்படி மொத்தமாக வாரிக் கேட்பது போதாது, ஒவ்வொரு பாதகமான விஷயத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று தீர்ப்புகள் இருக்கின்றன. நீங்கள் வாதாட வேண்டாம், "தனித்தனியா கேளுங்கய்யா, எனக்குப் புரியல" என்று சொன்னால் போதும். மீதியை வக்கீல் எழுந்து பார்த்துக்கொள்வார்.

மொழி விஷயம் நம் பிள்ளைகளுக்கு முக்கியம். இங்கே மலாய்ப் பள்ளியில் படித்து, தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். "சான்றுப் பொருள்", "மகசர்", "மேற்படி எதிரி" என்று கோர்ட் தமிழ் ஓடும்போது தலையாட்டிவிடுவார்கள். பதிவு செய்ததை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், புரியாவிட்டால் புரியும் மொழியில் விளக்க வேண்டும், உங்கள் பதிலை விளக்கவோ, அதோடு சேர்த்துச் சொல்லவோ உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் உங்கள் கையெழுத்தும் நீதிபதியின் கையெழுத்தும். கிளார்க் அவசரப்படுத்தினாலும் "படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்கத் தயங்காதீர்கள். "நான் தூக்கி ஏற்றினேன்" என்று நீங்கள் சொன்னது "நான் அங்கு இருந்தேன்" என்று மட்டும் விழுந்திருந்தால், வித்தியாசம் எவ்வளவு என்று மாமாவின் வழக்கை வைத்து நீங்களே சொல்லலாம்.

கடைசிப் பக்கத்தில் வழக்கமாக இரண்டு கேள்வி இருக்கும். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? உங்கள் தரப்பில் சாட்சி உண்டா? களைத்துப்போன ஆள் இரண்டுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கப் பார்ப்பார். மாமாவின் வழக்கில் ஆட்டோ டிரைவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கூப்பிட வேண்டாமா? "உண்டு" என்பதே பதில். நீங்களே சத்தியம் செய்து கூண்டேற விரும்பினாலும் இதற்கு அப்புறம் எழுத்து மூலம் கேட்டு ஏறலாம். ஏறாவிட்டால் அதை உங்களுக்கு எதிராக யாரும் பேசக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

செக் வழக்கில் மாட்டியிருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும். அங்கே கடனுக்காகத்தான் செக் கொடுத்தீர்கள் என்று சட்டமே முன்கூட்டி அனுமானித்துக்கொள்கிறது. அந்த அனுமானத்தை உடைக்க 313இல் "அது செக்யூரிட்டிக்குக் கொடுத்த வெற்றுச் செக்" என்று சொன்னது மட்டும் போதாது, சாட்சியம் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார்தாரரின் குறுக்கு விசாரணையிலிருந்தோ ஆவணங்களிலிருந்தோ எதுவும் கிடைக்கவில்லை என்றால் நீங்களோ உங்கள் சாட்சியோ கூண்டேறத்தான் வேண்டும்.

கேட்காமல் விட்டுவிட்டால்

முக்கியமான ஒன்றைக் கேட்கவே இல்லை, ஆனால் தீர்ப்பில் அதை வைத்தே தண்டனை. இது நடக்கிறது. உடனே விடுதலை என்று கனவு காண வேண்டாம். கேட்காததால் உங்களுக்கு உண்மையில் பாதகம் ஏற்பட்டதா என்று மேல் கோர்ட் பார்க்கும். சில வழக்குகளில் உங்கள் விளக்கத்தை மேல்முறையீட்டிலேயே கேட்டுக்கொள்வார்கள், சிலவற்றில் 313 கட்டத்திலிருந்து மறுபடி நடத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். காலம் அதிகம் ஓடிப்போயிருந்தால் கதை மாறும். 2023இல் டெல்லியிலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில், ஒரே முக்கியமான பாதகமான விஷயத்தை எதிரியிடம் கேட்கவே இல்லை, சம்பவம் நடந்து 27 வருஷம் ஆகியிருந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்பது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே தீர்ப்பில், இந்தக் குறையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எழுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் அந்தக் கேள்வி பதில் தாளுக்கு நகல் மனு போட்டுவிடச் சொல்லுங்கள். நகல் வந்ததும் உங்கள் மூன்று பத்தி நோட்டைப் பக்கத்தில் வைத்து, இடப்பக்கத்தில் இருக்கிற எந்த வரிக்குக் கேள்வியே இல்லை என்று டிக் போட்டுப் பாருங்கள். கேள்வி இல்லாத வரியை விசாரணை கோர்ட்டிலேயே எழுப்புவதா, மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்வதா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். நகல் உங்கள் கையில் இருந்தால் அந்தப் பேச்சை சுங்கை சிப்புட்டிலிருந்தே போனில் பேசி முடித்துவிடலாம்.